சிறுகதை வரைவு: காலையில் திறக்காத கார்டு. விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்

மதிவாணன்

வணக்கம். ஒரு சிறுகதையின் முதல் வரைவு முடிந்திருக்கிறது. கதை சுருக்கமாக இதுதான். செழியன் திருமணப் புகைப்படக்காரர், தேவி அவருடைய உதவியாளர். திருமணம் முடிந்த மறுநாள் காலை மெமரி கார்டை லேப்டாப்பில் செருகினால் திறக்கவில்லை. மீட்பு மென்பொருளை ஓடவிட்டுப் பகலும் இரவும் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் எல்லாப் படங்களும் பழைய பெயரோடு, எடுத்த வரிசையிலேயே திரும்பி வருகின்றன. ஒன்றே ஒன்றில் மட்டும், மணப்பெண் விடைபெறும்போது திரும்பிப் பார்க்கும் படத்தில், அவள் முகம் இல்லை. இடது பாதி இருக்கிறது, வலது பாதி சாம்பல்.

திறப்புப் பத்தி இது:

"கார்டைச் செருகியதும் ஒரு சிறிய பெட்டி வந்து நின்றது. ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. நேற்றிரவு இதே கார்டில் எல்லாப் படங்களையும் பார்த்திருந்தான். ஓர் இரவில் என்ன ஆகியிருக்கும்?"

என் சந்தேகம் அந்தக் கடைசிக் கேள்வியில்தான். என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியாமல் எழுதிவிட்டேன். கேமராவைக் கையில் வைத்திருப்பவர்கள் படித்தால் எந்த இடத்தில் கதையை மூடி வைப்பார்கள்?

ஷட்டர்குமார்

முதல் பத்தியிலேயே மூடிவிடுவார்கள், சார். இன்று திருமணத்துக்குப் போகிற கேமராக்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு கார்டு போடும் இடம் இருக்கிறது. ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும்படி வைத்துக்கொண்டால் ஒரு கார்டு செத்தாலும் கவலையில்லை. செழியனுக்கு அது ஏன் இல்லை என்று ஒரு வரியாவது வேண்டும்.

இன்னொன்று. அந்தப் பெட்டியில் Format என்பதை அழுத்திவிட்டால் கதையே முடிந்தது, ஒரு படமும் மிஞ்சாது. அதை அழுத்தாமல் chkdsk என்ற விண்டோஸ் திருத்தும் கருவியை ஓடவிட்டால் போதும், பெரும்பாலும் கார்டு பழையபடி திறந்துவிடும். அப்படிப் பார்த்தால் உங்கள் கதை பத்து நிமிடக் கதை.

ஒற்றைவரி

சார் பதறாதீங்க. முதல்ல கார்டை வெளியே எடுத்துடுங்க, கேமராவுல திரும்பப் போட்டு ஒரு படம்கூட எடுக்காதீங்க. கார்டோட இடது ஓரத்துல சின்னதா ஒரு நகர்த்தி இருக்கும், அதைக் கீழே தள்ளிட்டு வேற ரீடர்ல போட்டுப் பாருங்க. சில சமயம் ரீடர்தான் போயிருக்கும், கார்டு நல்லாவே இருக்கும். கார்டுக்குப் பின்னாடி தங்க நிறப் பட்டைகள் இருக்குல்ல, அதுங்களுக்கு நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் தடுப்பு உடைஞ்சிருக்கான்னும் பாருங்க. எத்தனை ஜிபி கார்டு? மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டீங்களா?

மதிவாணன்

ஒற்றைவரி, கார்டு போனது கதையில் வரும் செழியனுக்கு, எனக்கல்ல. ஆனால் வேறு ரீடரில் போட்டுப் பார்ப்பது என் வரைவில் இல்லவே இல்லை. அது கட்டாயம் சேர வேண்டும், நன்றி.

குமார் சார், இரண்டு கார்டு விஷயம் என் மண்டைக்கு எட்டவில்லை. பழைய கேமரா, ஒரே இடம்தான் என்று வைத்துக்கொள்ளலாமா?

இருட்டறை

ஒரே இடம் உள்ள பழைய கேமரா என்பது நியாயமான பதில். இரண்டு இடம் இருந்தும் இரண்டாவது கார்டை, முதலாவது நிரம்பிய பிறகு தொடர்வதற்கென்று ஒதுக்கியிருந்தார் என்றாலும் பொருந்தும். அப்படி வைப்பவர்கள் இருக்கிறார்கள். எதுவானாலும் ஒரு வாக்கியம் போதும்.

குமார் சொன்ன இரண்டும் பாதி சரி. அந்தப் பெட்டியில் வரும் வாசகம் "You need to format the disk in drive E: before you can use it." என்பது. அதற்குப் பொருள், கார்டு மின்சார அளவில் உயிரோடு இருக்கிறது, கொள்ளளவைச் சொல்கிறது, ஆனால் அதிலுள்ள ஃபைல் அமைப்பு விண்டோஸுக்குப் புரியவில்லை என்பதுதான். இந்த நிலையில் chkdsk பெரும்பாலும் ஓடவே ஓடாது. "CHKDSK is not available for RAW drives." என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். ஃபைல் அமைப்பு பாதி சிதைந்து பாதி புரிகிறபோதுதான் ஓடும். அப்போது /f சேர்த்து ஓடவிட்டால்தான் ஆபத்து. கண்ட துண்டுகளையெல்லாம் FOUND.000 என்ற ஃபோல்டரில் FILE0000.CHK என்பது மாதிரிப் பெயர்களில் போட்டுவிட்டு, அட்டவணையைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தி எழுதிவிடும். மீட்க வேண்டிய கார்டில் எதையும் எழுதக் கூடாது என்ற விதியை அது முதலிலேயே மீறுகிறது.

ஃபார்மட்டும் அப்படித்தான். Quick Format என்ற கட்டம் வழக்கமாக டிக் செய்யப்பட்டே வரும். அதில் அட்டவணை மட்டும் புதிதாகும், படங்களின் தரவு அப்படியே கிடக்கும். டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால்தான் விண்டோஸ் கார்டு முழுக்கப் பூஜ்யம் எழுதும். அதற்குப் பிறகு மீட்க எதுவும் இருக்காது.

மதிவாணன், கதைக்கு நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது கார்டு எப்படிச் செத்தது என்பதை. கார்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லே போயிருந்தால் அந்தப் பெட்டி வராது. டிரைவ் எழுத்தே தெரியாது, அல்லது கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டும். அப்போது வீட்டில் எந்த மென்பொருளும் உதவாது, கார்டைப் பிரித்து நினைவகச் சில்லிலிருந்து நேரடியாக வாசிக்கும் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். அது வேறு கதை. உங்கள் பெட்டி வருவதால், செத்தது அட்டவணைப் பகுதி. புத்தகம் முழுசாக இருக்கிறது, பொருளடக்கப் பக்கம் கிழிந்துவிட்டது.

மதிவாணன்

பொருளடக்கம் ஏன் திடீரென்று கிழிகிறது? நாள் முழுக்க நன்றாக எழுதிய கார்டு.

இருட்டறை

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால். கேமராவில் ஒரு சிறிய விளக்கு எரியும், கார்டில் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அது எரியும்போது பேட்டரியை உருவுவதும் கார்டை உருவுவதும் ஒன்றுதான்.

ஒரு படத்தை எழுதும்போது கேமரா படத்தின் தரவை மட்டும் எழுதுவதில்லை. எந்த இடம் யாருக்கு என்ற அட்டவணையையும் ஃபோல்டர் பட்டியலையும் உடனுக்குடன் திருத்துகிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் செக்டர் என்ற ஒரு சிறு கட்டத்தை மட்டும் தனியே அழித்து எழுத முடியாது. அது இருக்கும் பெரிய தொகுதியையே கார்டு வேறிடத்துக்கு நகர்த்தித் திருத்த வேண்டியிருக்கும். நகர்த்தும் நடுவில் மின்சாரம் நின்றால், அந்த நொடியில் யாருமே தொடாத பக்கத்துச் செக்டர்களும் சேர்ந்து போகலாம். கடைசி ஒரு படத்துக்காக மூவாயிரம் படங்களின் அட்டவணை போவது இப்படித்தான்.

ஆகவே "நேற்றிரவு இதே கார்டில் எல்லாப் படங்களையும் பார்த்திருந்தான்" என்ற வரி ஒத்துவராது. சாயங்காலம் வரை பார்த்திருக்கலாம். அந்தக் கடைசி நிமிடத்துக்குப் பிறகு பார்த்திருக்க முடியாது. எடுத்த கையோடு திரையில் மின்னி மறையும் படத்தை வேண்டுமானால் பார்த்திருக்கலாம். அது கேமராவின் சொந்த நினைவகத்திலிருந்து வரக்கூடியது, கார்டில் பதிந்ததற்குச் சாட்சி ஆகாது.

தமயந்தி

கதைப் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. "ஓர் இரவில் என்ன ஆகியிருக்கும்?" என்ற கேள்வியில் ஒரு மர்மம் இருந்தது. விளக்கு எரியும்போது பேட்டரியை உருவியவன் செழியனே என்றால் மர்மம் போய்விடுகிறது. அதனால் நஷ்டம் இல்லை. என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும், வாசகருக்கு மட்டும் இன்னும் தெரியாது. பெட்டியைப் பார்த்த கணத்தில் அவன் பார்வை மேசையில் கிடக்கும் பழைய பேட்டரிக்குப் போகட்டும். விளக்கம் பிறகு வந்தால் போதும்.

நேரத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். ஒரு பகல், ஓர் இரவு முழுக்க மென்பொருள் ஓடுவது உண்மையா? வரைவில் பாதிப் பக்கங்கள் அந்தக் காத்திருப்புதான்.

இருட்டறை

உண்மையில்லை. 32 ஜிபி கார்டு என்று வைத்துக்கொள்வோம். நல்ல ரீடரில் நொடிக்கு 80 எம்பி வேகத்தில் வாசித்தால் முழுக் கார்டையும் பிரதி எடுக்க ஏறத்தாழ ஏழு நிமிடம். பழைய யுஎஸ்பி 2.0 ரீடரில் நொடிக்கு 30 எம்பி என்றாலும் இருபது நிமிடத்துக்குள் முடியும். கார்டில் வாசிக்க முடியாத செக்டர்கள் நிறைய இருந்தால்தான் மணிக்கணக்கு ஆகும். இங்கே அப்படி இல்லை.

முதலில் பிரதி, பிறகு மீட்பு என்பதுதான் வரிசை. கார்டின் ஒவ்வொரு செக்டரையும் ஒரே ஃபைலாக லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு, கார்டைக் கழற்றி உறையில் வைத்துவிட வேண்டும். லினக்ஸில் என்றால் முதலில் நன்றாக வாசிக்கக்கூடியதை எடுப்பது, பிறகு மிஞ்சிய இடங்களை மூன்று முறை முயல்வது:

```
ddrescue -d -r0 /dev/sdb card.img card.map
ddrescue -d -r3 /dev/sdb card.img card.map
```

/dev/sdb உண்மையிலேயே கார்டுதானா என்று முதலில் `lsblk` போட்டுக் கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிறகு PhotoRec என்ற மீட்பு மென்பொருள்: `photorec card.img`. அது அட்டவணையைப் பார்ப்பதில்லை. செக்டர் செக்டராகப் போய், ஜேபெக் படம் தொடங்கும் FF D8 FF என்ற பைட்டுகளைத் தேடி எடுக்கிறது. பெயரும் ஃபோல்டரும் அட்டவணைப் பக்கத்தில்தான் இருந்தன, ஆகவே அவை வராது. உங்கள் "பழைய பெயரோடு" என்பதை எடுத்துவிடுங்கள். recup_dir.1, recup_dir.2 என்று ஃபோல்டர்களும், அவற்றுக்குள் f என்ற எழுத்துக்குப் பின் எண் கொண்ட பெயர்களும்தான் கிடைக்கும். முழுக் கார்டையும் தேர்ந்தெடுத்து ஓடவிட்டால் அந்த எண் படம் தொடங்கும் செக்டரின் எண்.

எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் வரிசையைத் திரும்ப உண்டாக்கலாம்:

```
exiftool "-FileName<DateTimeOriginal" -d "%Y%m%d_%H%M%S%%-c.%%e" recup_dir.*
```

ஆக, காத்திருப்புக்கு இயந்திரம் பொறுப்பாகாது. காலை ஒன்பது மணிக்குள் செழியனுக்கு எது வந்தது எது வரவில்லை என்று தெரிந்துவிடும்.

ஷட்டர்குமார்

chkdsk விஷயத்தில் திருத்தம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்பது மணிக்குத் தெரிந்துவிடும் என்றால், ஒன்பதே கால் மணிக்கு மணமக்களுக்கு ஃபோன் போயிருக்க வேண்டும். தொழிலில் இருப்பவன் அப்படித்தான் செய்வான். வந்தது இவ்வளவு, வராதது இது, விருந்தினர்கள் ஃபோனில் எடுத்ததை இன்றே சேகரித்துத் தாருங்கள் என்று அன்றைக்கே கேட்டால் கிடைக்கும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பாதிப் பேர் அழித்திருப்பார்கள். சொல்லாமல் இருக்கும் செழியனை என்னால் நம்ப முடியவில்லை.

தமயந்தி

நல்ல தொழில்காரனைப் பற்றிய கதையாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. இது பயந்துபோன ஒருவனைப் பற்றிய கதை. மூவாயிரம் படத்தில் 2,999 கையில் இருக்கும்போது ஒன்றைச் சொல்லத் தயங்குவது மனித இயல்புதானே? இருட்டறை சொன்ன ஏழு நிமிடம் கதைக்கு உதவி என்றே நினைக்கிறேன். மென்பொருள் ஓடுகிறது என்ற சாக்கு இருந்தவரை அவன் காத்திருந்தான். சாக்கு தீர்ந்த பிறகும் சொல்லவில்லை என்றால் அது அவன் எடுத்த முடிவு. அங்கேதான் கதை தொடங்குகிறது.

ஷட்டர்குமார்

தயக்கம் ஒரு மணி நேரம் இருக்கலாம். ஒரு பகலும் இரவும் என்றால் அவன் மேல் எனக்குக் கோபம்தான் வரும்.

தமயந்தி

வரட்டும், சார். வாசகருக்குக் கோபம் வந்தால் குறை ஒன்றுமில்லை.

கயல்விழி

அந்தப் பாதிப் படத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லையே. ஜேபெக் படம் மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாகத்தான் பதிகிறது. நடுவில் தரவு அறுந்தால் மேல் பகுதி தெளிவாக இருக்கும், அறுந்த இடத்துக்குக் கீழே சாம்பல். இடது பாதி இருந்து வலது பாதி போவது எப்படி?

ஒரே ஒரு வழி இருக்கிறது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி எடுத்திருந்தால். அப்போதும் சென்சாரிலிருந்து படம் படுக்கையாகத்தான் பதிகிறது. திருப்பிக் காட்டு என்ற குறிப்பு மட்டும் ஃபைலில் சேர்கிறது. ஆகவே படுக்கையில் "கீழே" என்பது நிமிர்த்திக் காட்டும்போது பக்கவாட்டில் வரும். கைப்பிடி மேலே வரும்படி திருப்பினால் கேமராவின் தலை இடப்பக்கம் சாய்கிறது. அப்போது படத்தின் இடப்பக்கம் தப்பும், சாம்பல் வலப்பக்கம் இறங்கும். மதிவாணன் எழுதியிருப்பது அதுதான். முகம் வலப்பாதியில் இருந்தால் போதும். ஆனால் செழியன் அந்தப் படத்தை எப்படிப் பிடித்து எடுத்தான் என்று முன்னாடியே ஒரு வரி வர வேண்டும்.

இருட்டறை

அருமை. கைப்பிடி கீழே வரும்படி பிடித்திருந்தால் எல்லாம் தலைகீழ், சாம்பல் இடப்பக்கம் வரும். ஒரு சின்னச் சேர்க்கை: பைட்டில் பாதி போனால் பரப்பில் சரிபாதி போகும் என்றில்லை. வெற்றுச் சுவர் குறைந்த பைட் எடுக்கும், வேலைப்பாடு நிறைந்த துணி நிறைய எடுக்கும். ஆகவே கோடு எங்கே விழும் என்பதில் கதாசிரியருக்குச் சுதந்திரம் உண்டு.

இன்னும் பெரிய கேள்வி, மூவாயிரம் படத்தில் அந்த ஒன்று மட்டும் ஏன் அறுந்தது? அட்டவணை போனதால் படத்தின் தரவு அறுவதில்லை. ஒரு படம் அடுத்தடுத்த செக்டர்களில் தொடர்ச்சியாக இருந்தால் PhotoRec முழுசாக எடுத்துவிடும். அது இரண்டு இடங்களில் பிரிந்து கிடந்தால்தான் சிக்கல். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்பது அட்டவணைக்கு மட்டுமே தெரியும்.

படம் ஏன் பிரிகிறது? கார்டு நிரம்பிய பிறகு நடுவில் சிலதை அழித்து இடம் உண்டாக்கினால். உங்கள் கதைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். பெண் விடைபெறும் நேரம், கார்டு நிரம்பிவிட்டது, மாற்றுக் கார்டு தேவியின் பையில், தேவி கூட்டத்துக்கு அப்பால். செழியன் காலையில் வெளிச்சம் சோதிக்க எடுத்த இருண்ட படங்கள் நான்கை அவசரமாக அழிக்கிறான். இருண்ட, விவரம் இல்லாத படம் சின்னதாக இருக்கும், ஒவ்வொன்றும் 5 எம்பி என்று கொள்ளுங்கள். சாதாரணப் படம் 10 எம்பி. அவள் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் படத்தின் முதல் 5 எம்பி ஓர் ஓட்டையிலும் அடுத்த 5 எம்பி இன்னோர் ஓட்டையிலும் போய் விழுகிறது. அடுத்த படம் எழுதத் தொடங்கும்போது பேட்டரி எச்சரிக்கை. உருவுகிறான். விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

ஒரு நிபந்தனை. அழித்த நான்கும் அடுத்தடுத்து எடுத்தவையாக இருக்கக் கூடாது. இருந்தால் ஓட்டைகள் ஒட்டி ஒரே 20 எம்பி இடமாகிவிடும், படம் பிரியாது. காலையில் ஒன்று, கொஞ்சம் கழித்து ஒன்று என்று சிதறியிருக்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனை, அவன் ஜேபெக் மட்டும் எடுத்திருக்க வேண்டும். சென்சாரின் தரவை அப்படியே வைக்கும் ரா வடிவில் எடுத்திருந்தால் ஃபைலுக்குள்ளேயே ஒரு ஜேபெக் முன்காட்சி இருக்கும். பல ரா வடிவங்களில் அது ரா தரவுக்கு முன்னால் வருவதால் அறுந்த ஃபைலிலும் பிழைத்திருக்கும். முகம் கிடைத்துவிடும், உங்கள் முடிவு போய்விடும்.

தமயந்தி

அழித்து இடம் உண்டாக்கியதால்தான் அந்தப் படம் எடுக்கவே முடிந்தது. அதே அழிப்பால்தான் அது இரண்டாகப் போனது. இதை வரைவில் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், மதிவாணன். நடந்ததை வரிசையாக வைத்தால் போதும்.

ஒன்று கேட்கலாமா? இப்படி மீட்கும்போது கார்டில் இதற்கு முன் எடுத்த வேறு திருமணத்தின் படங்களும் கிளம்பி வரும் என்று சொல்வார்களே. அதைக் கதையில் வைத்தால்? யாரோ ஒரு பெண், யாரோ ஒரு மாப்பிள்ளை, இவன் எப்போதோ கொடுத்து முடித்த வேலை, திரையில் வரிசையாக வருகிறது. இவன் தேடும் முகம் மட்டும் இல்லை.

இருட்டறை

வரும். கேமராவில் செய்யும் சாதாரண ஃபார்மட் அட்டவணையை மட்டுமே துடைப்பதால், புதிய படம் மேலே எழுதப்படாத இடங்களில் பழைய படங்கள் அப்படியே இருக்கும். எடுத்த தேதியைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் அது எழுதப்படாத இடத்தில்தான். உங்கள் கார்டு நிரம்பிவிட்டது என்று இப்போதுதான் வைத்தோம். நிரம்பிய கார்டில் பழைய திருமணத்துக்கு இடமே இல்லை. பிரிந்த படம் வேண்டும் என்றால் பழைய திருமணம் கிடையாது. பழைய திருமணம் வேண்டும் என்றால் கார்டு பாதிதான் நிரம்பியிருக்க வேண்டும், பிறகு அந்தப் படம் ஏன் பிரிந்தது என்று வேறு காரணம் தேட வேண்டும்.

கயல்விழி

கார்டு நிரம்பாவிட்டாலும் அழித்த ஓட்டையை உடனே நிரப்பும் கேமரா இருக்கலாமே? அப்போது இரண்டும் சாத்தியம்.

இருட்டறை

இருக்கலாம். புதிய இடத்தை எங்கிருந்து எடுக்கிறது என்பது கேமராவுக்குக் கேமரா வேறு. ஆனால் நிரம்பாத கார்டில் அவன் எதற்காக அவசரமாகப் படம் அழிக்கிறான்? அந்த அவசரம் போனால் பேட்டரியை உருவும் அவசரமும் கொஞ்சம் தளர்ந்துவிடும். நான் நிரம்பிய கார்டின் பக்கம்தான்.

தமயந்தி

நான் பழைய திருமணத்தின் பக்கம். கண்மூடிய முகங்களைக் கூட்டத்தின் நடுவில் நின்று அழிப்பவர்கள் உண்டு, அதற்குக் கார்டு நிரம்ப வேண்டியதில்லை. மதிவாணன் தீர்மானிக்கட்டும்.

மதிவாணன்

இன்னும் தீர்மானிக்கவில்லை. நிரம்பிய கார்டை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். சரிபாருங்கள்:

"வேறு ரீடரிலும் அதே பெட்டிதான். செழியன் Cancel அழுத்தினான். கார்டின் ஓரத்து நகர்த்தியைக் கீழே தள்ளி மறுபடி செருகினான். மேசையில் நேற்றுக் கழற்றிய பேட்டரி கிடந்தது.

பிரதி முடிந்தபோது தேவி இன்னும் வந்திருக்கவில்லை. எட்டரைக்குள் படங்கள் எல்லாம் திரையில் இருந்தன, பெயர் இல்லாமல், எண்களாக. கடைசிப் படத்தைத் தேடிப் போனான். வாசல் தூண், யாரோ ஒருவரின் தோள், சேலையின் ஒரு கரை. அங்கிருந்து வலப்பக்கம் முழுக்கச் சாம்பல். கேமராவைத் திருப்பிப் பிடித்தது கைக்கு நினைவிருந்தது.

தேவி வந்து, வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றான்."

ஷட்டர்குமார்

"வந்துவிட்டது என்றான்" என்ற இடம் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஃபோன் செய்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

இருட்டறை

நகர்த்தியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது வெறும் பிளாஸ்டிக். பூட்டியிருக்கிறது என்று கார்டுக்குத் தெரியாது, ரீடர்தான் அதைப் பார்த்து மதிக்க வேண்டும். மதிக்காத ரீடர்களும் உண்டு. செழியன் செய்வது சரிதான், அதை மட்டும் நம்பி chkdsk ஓடவிடக் கூடாது.

PhotoRec அமைப்புகளில் Keep corrupted files என்பதை இயக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுந்த படத்தைச் செல்லாதது என்று அது ஒதுக்கிவிடலாம், செழியன் அந்தப் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஒரு வரியும் தேவையில்லை, நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

இன்னொரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் முடிவு மாறலாம். அந்த வலது பாதி அழியவில்லை. card.img ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. நிரம்பிய கார்டு என்பதால் அதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. மற்ற எல்லாப் படத்துக்கும் தொடக்கம் உண்டு, நீளம் உண்டு. அவை பிடித்திருக்கும் இடங்களையெல்லாம் கழித்துக்கொண்டே வந்தால், தொடக்கக் குறியும் இல்லாமல் எந்தப் படத்துக்கும் சேராமல் ஒரு 5 எம்பி மிஞ்சும். அதுதான். முதல் துண்டு 41975872 என்ற செக்டரிலும் மிஞ்சியது 58753088 என்ற செக்டரிலும் தொடங்குவதாக வைத்துக்கொண்டால்:

```
dd if=card.img of=a.bin bs=512 skip=41975872 count=10240
dd if=card.img of=b.bin bs=512 skip=58753088 count=10240
cat a.bin b.bin > muzhu.jpg
```

10240 செக்டர் என்பது 5 எம்பி. சேர்த்ததும் படம் முழுசாகத் திறந்தால் சரியான துண்டு. கோட்டுக்கு அப்பால் நிறம் மாறி, பட்டை பட்டையாகக் கலைந்து வந்தால் தவறான துண்டு.

கயல்விழி

அப்படியானால் மணிக்கணக்கான உட்காருதல் மறுபடியும் வந்துவிட்டதே! மூவாயிரம் படத்தின் தொடக்கத்தையும் முடிவையும் கணக்கில் எடுத்து இடைவெளி தேடுவது ஏழு நிமிட வேலை இல்லை.

இருட்டறை

பழகியவருக்கு ஒரு சிறிய நிரல் எழுதி அரை மணி நேரம். பழகாதவருக்கு ஒரு பகலும் இரவும் தாராளமாக ஆகும். அதற்கு முன்னால், அந்தத் துண்டு அங்கே இருக்கிறது என்று செழியனுக்குத் தோன்ற வேண்டும். தோன்றுமா என்பது எனக்குத் தெரியாது, அது உங்கள் பாத்திரம்.

தமயந்தி

தேவிக்குத் தோன்றலாம். ஆனால் அவளிடம்தான் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டானே.

மதிவாணன்

அந்த ஒரு வரியை எடுப்பதா வைப்பதா என்றுதான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடுத்தால் தேவி உள்ளே வருகிறாள், படம் சேர்ந்துவிடும். வைத்தால் அவன் தனியாகத் தேட வேண்டும். இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒற்றைவரி

கதைன்னு இப்பதான் முழுசா படிச்சேன், மன்னிக்கணும். ஒரு சந்தேகம் மட்டும். 32 ஜிபி பிரதி எடுக்க லேப்டாப்புல அவ்வளவு காலி இடம் வேணுமே, மீட்ட படங்களுக்கு இன்னொரு 32? தொழில் பண்றவங்க லேப்டாப் எப்பவும் நிரம்பித்தானே கிடக்கும்.

இருட்டறை

நல்ல கேள்வி. ஏறத்தாழ 64 ஜிபி காலியாக இருக்க வேண்டும். மீட்ட படங்களை எக்காரணம் கொண்டும் அதே கார்டில் எழுதக் கூடாது. தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றை மேசையில் வைத்துவிடுங்கள், மதிவாணன், பேட்டரிக்குப் பக்கத்தில்.